காண்க: கருதுகோள்

யாரையும் நம்பாத ஒருத்தியை எல்லோரும் எப்படி நம்பினார்கள்? ஹமீமாவோடு கொஞ்சநாள் பழகிய எவருக்கும் இந்தக் கேள்வி ஒரு தடவையாவது வந்திருக்கும். கொட்டாஞ்சேனைச் சந்தையில் மீன்காரன் அவளைக் கண்டதும், அவள் கேட்கும் முன்பே செவுளைத் திறந்து காட்டுவான். பஸ்ஸின் நெற்றியில் பெரிய எழுத்தில் ஊர்ப்பெயர் இருந்தாலும் அவள் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "வெள்ளவத்த யனவாத?" என்று நடத்துநரிடம் சிங்களத்தில் கேட்டு உறுதிசெய்த பிறகுதான் மற்றக் காலைத் தூக்குவாள். அவளுடைய கணவன் பௌஸி துறைமுகத்துக்குச் சாமான் கொடுக்கும் ஒரு கடையில் கணக்கெழுதுகிறவன், பகிடிக்காரன். "ஒனக்கு வானத்துல ஈந்து மலக்கு எறங்கி வந்து சலாம் சென்னாலும் ஐடி கேப்ப" என்பான்.

"மலக்கா ஈந்தா காட்டட்டுமே" என்பாள் அவள்.

கலியாணத்துக்கு முன்னும் பின்னும் சில வருஷங்கள், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பகுதியில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் தட்டச்சு செய்தாள். ஒப்பந்தங்களில் பிரிவுக்குள் உட்பிரிவு, உட்பிரிவுக்குள் இன்னொன்று. ஒரு வரி ஓர் அங்குலம் வலப்பக்கம் தள்ளிப்போனால் யாருடைய சுவர் யாருக்குச் சொந்தம் என்பது மாறிவிடும். சந்தேகம் அவளுக்குப் பிறவிக் குணம்தான், அது தொழிலானது அங்கே. பிறகு அந்தச் சட்டத்தரணி கனடாவுக்குப் போக, தெரிந்தவர் சொல்லி வெள்ளவத்தைக்கு வந்தாள். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடியில், சாரங்கன் சேரின் வகுப்பு இருந்தது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தர்க்கம் எனும் அளவையியலும் விஞ்ஞான முறையும் படிப்பிப்பவர்.

சாரங்கனுக்கு மூளை வரிவரியாக ஓடாது. ஒரு பெரிய தாளைக் குறுக்காகப் போட்டு நடுவில் ஒரு வட்டம் கீறுவார். அதிலிருந்து கிளைகள், கிளைகளிலிருந்து சிறு கிளைகள். மன வரைபடம் என்று புத்தகங்கள் சொல்வதை அவர் 'மரம்' என்று சொல்லுவார். பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் கையேடாக அடிப்பதற்கு மரம் உதவாது. புத்தகத்தின் ஒடுங்கிய பக்கத்தில் கிளைகள் நெரிபடும். ஆகவே அவர் கீறிய மரத்தைப் படுக்கப்போட்டு வரிகளாக்குவது ஹமீமாவின் வேலை. நடு வட்டம் முதல் வரி. அதிலிருந்து நேரே வரும் கிளை ஒவ்வொன்றும் ஒரு தட்டு உள்ளே. அதன் பிள்ளை இரண்டு தட்டு உள்ளே. விசைப்பலகையின் இடது ஓரத்திலுள்ள டாப் விசைதான் அந்தத் தட்டு. ஒரு வரி எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கிறதோ, அதைவிட ஒரு தட்டுக் குறைவாக அதற்கு மேலே மிக அண்மையில் நிற்கும் வரிதான் அதன் தாய். இதைத் தவிர வேறு விதியில்லை.

விதி சின்னதுதான். சண்டை வந்தது வேறிடத்தில். முதல் நாளே கேட்டாள்.

"இதுல எது சேர் மொதல்?"

"முதல் எண்டு ஒண்டும் இல்லை மிஸ். எல்லாம் நடுவில இருந்துதானே வருது."

"படத்துல இல்லாம ஈக்கலாம். அச்சுல ஒண்டு மொதல்ல வந்துதான் ஆகணும். நீங்களே நம்பர் போட்டுத் தாங்க. பொறகு நான் மாத்தின எண்டு செல்லக்கூடா."

சாரங்கன் சிரித்துக்கொண்டு இலக்கம் போட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு தாளிலும் போட்டார்.

இரண்டாவது சண்டை பெரியது. விஞ்ஞான முறை என்ற மரத்தில் அவதானம், கருதுகோள், பரிசோதனை, விதி என்று கிளைகள். பரிசோதனையின் நுனியிலிருந்து கருதுகோளுக்குத் திரும்பி, புள்ளி புள்ளியாக, ஒரு விட்டுவிட்ட கோடு. பரிசோதனையில் தோற்றால் கருதுகோளுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பது அதன் பொருள். பாடத்தின் உயிரே அந்தக் கோட்டில்தான் என்பார் அவர். ஆனால் வரிகளில் கோடு கீற இடமில்லை. மரத்தில் ஒரு கிளையை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டலாம். ஒரு வரிக்கு ஒரு தாய்தான். கடைசியில் ஹமீமா பரிசோதனையின் கீழே, ஒரு தட்டு உள்ளே, 'காண்க: கருதுகோள்' என்று ஒரு வரி எழுதினாள். சாரங்கனுக்கு அது திருப்தியில்லை. அவளுக்கும் இல்லை. ஆனாலும் வேறு வழி யாருக்கும் தோன்றவில்லை.

இங்கேதான் அவளுடைய சந்தேகம் உதவியது. தான் எழுதியதையும் அவள் நம்பவில்லை. ஒவ்வொரு குறிப்பையும் முடித்ததும் அதை அப்படியே எடுத்து, மரம் கீறும் மென்பொருளில் ஒட்டுவாள். அது தட்டுகளை எண்ணி வரிகளை மறுபடி கிளைகளாக விரிக்கும். திரையில் முளைத்த மரத்தையும் சேர் கையால் கீறிய மரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கிளை கிளையாக விரல் வைத்துப் பார்ப்பாள். போன பாதையால் திரும்பி வந்து பார்த்தால்தான் பாதை சரியா என்று தெரியும் என்பது அவள் கணக்கு. பார்த்து முடித்த பிறகே மின்னஞ்சலில் சேருக்கும், கொட்டாஞ்சேனையில் அச்சகம் வைத்திருக்கும் மெல்ரோய்க்கும் போகும். மெல்ரோய் அதே வரிகளை மரமாக விரித்துச் சுவரில் ஒட்டும் போஸ்டர் அடிப்பான். 'காண்க' என்ற வரியை அழித்துவிட்டு அந்த இடத்தில் விட்டுவிட்ட கோட்டைத் தன் கையால் போட்டுவிடுவான்.

மெல்ரோயையும் அவள் நம்பவில்லை என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. அவன் நகரிலுள்ள வகுப்புகள் பலவற்றுக்கு அடிப்பவன். வாய் ஓயாதவன்.

"ராத்தா, நீங்க குடுத்த பேப்பர நான் மோந்துகூடப் பாக்கல, சரியா?" என்பான் தொலைபேசியில்.

"மோந்து பாத்தா தும்மல் வரும்" என்பாள் இவள்.

பரீட்சைக்கு முந்திய மீட்டல் கருத்தரங்குக்காகச் சாரங்கன் விஞ்ஞான முறை மரத்தைப் புதிதாக, விரிவாகக் கீறினார். அன்று அவர் மட்டக்களப்புக்கு ஒரு வகுப்புக்காகப் புறப்படுகிற அவசரம். "இப்பவே அனுப்புங்கோ மிஸ், ரெயினில பாக்கிறன்" என்று கதவடியில் நின்றார். ஹமீமா வேலைசெய்த அத்தனை வருஷங்களில் ஒரேயொரு தடவை, திருப்பி விரித்துப் பார்க்காமல் அனுப்பினாள். சேருக்கு மட்டும். நண்பகல் ளுகர் தொழுகையை முடித்துவிட்டு வந்து மென்பொருளில் ஒட்டிப் பார்த்தபோது பிழை தெரிந்தது. 'கட்டுப்பாட்டுக் குழுவும் பரிசோதனைக் குழுவும்' என்ற வரி பக்கத்துக்கு நீளமாக இருந்ததால் நடுவில் உடைத்து, இரண்டாம் பாதியை அழகுக்காக ஒரு தட்டு உள்ளே தள்ளியிருந்தாள். கண்ணுக்கு அது ஒரே வரி. மென்பொருளுக்கு இரண்டு. திரையில், பரிசோதனைக் குழு கட்டுப்பாட்டுக் குழுவுக்குப் பிள்ளையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தினாள். கோப்பின் பெயரில் 'இரண்டு' என்று போட்டு, சேருக்கும் மெல்ரோய்க்கும் அனுப்பினாள். முதலாவதைப் பற்றிப் பிறகு யாரும் நினைக்கவில்லை.

கருத்தரங்குக்குச் சில நாட்கள் இருக்கையில் உஷாந்தி கையில் தொலைபேசியோடு மாடியேறி வந்தாள். சாரங்கனின் மனைவி. பிள்ளைகளைச் சேர்ப்பதும், அவருடைய மின்னஞ்சலைப் பார்ப்பதும், தொலைபேசிக்குப் பதில் சொல்வதும் அவள் பொறுப்பு.

"இஞ்ச பாருங்கோ. எங்கட மரம்."

பம்பலப்பிட்டிப் பக்கம் புதிதாகத் தொடங்கிய ஒரு வகுப்பு, விஞ்ஞான முறை என்ற தலைப்பில் வண்ணப் போஸ்டர் ஒன்றை வட்ஸ்அப்பில் சுற்ற விட்டிருந்தது. நடு வட்டம், கிளைகள், சொற்கள் எல்லாம் சாரங்கனுடையவை. கையேடோ இன்னும் அச்சிலிருந்து வரவில்லை. அன்று பின்னேர வகுப்பில் பழைய மரத்தை முன்பே படித்திருந்த ஒருத்தி பின்வரிசையிலிருந்து கேட்டிருக்கிறாள்: "சேர், நீங்கள் அவையிட்ட இருந்தா எடுத்தனீங்கள்?" வகுப்பே சிரித்திருக்கிறது. சாரங்கனுக்கு அந்தச் சிரிப்புத்தான் தாங்கவில்லை.

"ஆர் செய்தது எண்டு எனக்குத் தெரியும்" என்றார். "மெல்ரோய். அவைக்கும் அவன்தான் அடிக்கிறவன்."

"போர்டைப் பாத்துப் பிள்ளையள் போட்டோ எடுத்திருக்கக்கூடும்" என்றாள் ஹமீமா. அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

"புது மரத்தை நான் போர்டில இன்னும் கீறவே இல்லை. நாளைக்குப் பின்னேரம் அவனை வரச்சொல்லியிருக்கு. நீங்களும் நில்லுங்கோ மிஸ்." குரலைத் தணித்தார். "நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. சும்மா பக்கத்தில இருந்தாக் காணும். நீங்களே அவனை நம்பிறேல்லை எண்டு அவனுக்கும் தெரியும்தானே."

அது உண்மை. அவள் வாய்திறக்காமல் பக்கத்தில் இருந்தாலே அது சாட்சி ஆகிவிடும். மற்ற வகுப்புகளுக்குச் செய்தி போக அதிக நேரம் எடுக்காது. தாளை வெளியே விடுகிற அச்சகத்துக்கு வகுப்புக்காரர் யாரும் தாள் கொடுப்பதில்லை.

உஷாந்தி அனுப்பிய படத்தை அன்று மாலை வீட்டில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஹமீமா உட்கார்ந்தாள். பௌஸி தேநீர் கொண்டுவந்து வைத்தான்.

"என்ன, கள்ளனப் புடிக்கிறியா?"

"புடிச்ச கள்ளன் கள்ளன்தானா எண்டு பாக்கிற."

மற்றவர் மரமாகக் காட்டியதை அவள் வரிகளாக இறக்கினாள். மேல் வலப்பக்கத்திலிருந்து கடிகாரம் போகிற திசையில், ஒவ்வொரு கிளையாக, தட்டுத் தட்டி எழுதிக்கொண்டு போனாள். அவதானம், கருதுகோள், பரிசோதனை, விதி. தன் கேள்விக்காகச் சேர் போட்ட இலக்கங்களின் ஒழுங்கே இங்கும் இருந்தது. பரிசோதனையின் கீழே இறங்கியபோது விரல் நின்றது. விட்டுவிட்ட கோடு அந்தப் போஸ்டரில் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நிறத்தில் ஒரு குமிழ். அதற்குள் எழுதியிருந்தது: காண்க: கருதுகோள்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கையால் மரம் கீறுகிற எவரும் கிளையில் 'காண்க' என்று எழுத மாட்டார். எதைக் காண வேண்டுமோ அதுவரை ஒரு கோட்டை இழுத்துவிடுவார். 'காண்க' என்பது கோடு கீற முடியாத இடத்தில், வரிகளுக்குள், அவள் வைத்த சொல். ஆகவே இது சேரின் தாளைப் பார்த்துக் கீறியதல்ல. அவளுடைய வரிகளை யாரோ மென்பொருளில் ஒட்டி, முளைத்ததை அப்படியே அச்சுக்கு விட்டிருக்கிறார்கள். சேரைவிட்டால் அவளுடைய கோப்பு போனது மெல்ரோயிடம் மட்டும்தான். சேர் சொன்னது சரியாகிவிடும்போல் இருந்தது. சந்தேகப்பட்டது சரிதான் என்று தெரிகிறபோது வரும் ஒரு சின்னத் திருப்தி அவளுக்கும் வந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை.

அந்தத் திருப்தியோடு மிச்சக் கிளைகளையும் இறக்கினாள். பாதியில் விட்டு எழும்புவது அவள் வழக்கமல்ல. விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவள் பிறகு நினைத்தாளோ தெரியாது. பரிசோதனையின் கடைசிச் சிறுகிளை: 'கட்டுப்பாட்டுக் குழுவும்'. அதன் நுனியில், பிள்ளையாக: 'பரிசோதனைக் குழுவும்'.

தேநீர் ஆறிப்போனது.

அது இரண்டாவது கோப்பு அல்ல. முதலாவது. மெல்ரோய்க்கு ஒருபோதும் போகாதது.

தன் நினைவையும் அவள் நம்பவில்லை. அனுப்பிய அஞ்சல்களைத் திறந்து பார்த்தாள். முதலாவது கோப்பின் மேலே சேரின் முகவரி ஒன்று மட்டுமே இருந்தது. மறுநாள் காலை வெள்ளவத்தைக்குப் போகும் முன் மெல்ரோயின் அச்சகத்துக்கு நடந்தாள்.

"ஆ, வாங்க ராத்தா! என்ன, நான் களவெடுத்தேனான்னு பாக்க வந்தீங்களா?"

"ஓம்" என்றாள் ஹமீமா. "நான் அனுப்பின மெயில் எல்லாத்தையும் காட்டு."

மெல்ரோயின் பகிடி அத்தோடு முடிந்தது. சேர் வரச் சொன்னது ஏன் என்று அவனுக்கும் காதில் விழுந்திருந்தது. கதிரையைத் திருப்பிக் கணினியை அவள் பக்கம் விட்டான். இரண்டாவது கோப்பு மட்டும் இருந்தது. வரி உடையாமல் முழுதாக இருந்தது. அதிலிருந்து அவன் விரித்த மரத்தில் இரண்டு குழுக்களும் ஒரே கிளையில் நின்றன. 'காண்க' இல்லை. விட்டுவிட்ட கோடு இருந்தது.

"இதுல ஒரு பிரிண்ட் தா."

"என்னத்துக்கு ராத்தா?"

"ஒனக்கு வேலையில்லாத கேள்வி."

பஸ்ஸில் யன்னலோரம் உட்கார்ந்து அவள் என்ன யோசித்தாள் என்பதை ஊகிக்க அதிகம் படித்திருக்கத் தேவையில்லை. முதலாவது கோப்பு இருந்தது இரண்டே இடத்தில். ஒன்று சேரின் மின்னஞ்சல். மற்றது அவளுடைய கணினி. வாய்திறக்காவிட்டால் குற்றம் மெல்ரோயின் தலையில் விழுந்து அங்கேயே தங்கும். அந்த உடைந்த வரியை வாசிக்கத் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான். வாய்திறந்தால் மெல்ரோய் வெளியே போவான், உள்ளே எஞ்சுவது அவளும் சேரின் வீடும். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் சந்தேகிப்பதைவிட அவளைச் சந்தேகிப்பது எவ்வளவோ சுலபம். சந்தேகம் எந்தப் பக்கம் சாயும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பின்னேரம் மாடியில் நால்வர் இருந்தார்கள். மெல்ரோய் நாற்காலியின் நுனியில். சாரங்கன் கரும்பலகைக்கு முன்னால். உஷாந்தி கதவடியில், தொலைபேசியை நெஞ்சோடு பிடித்தபடி. ஹமீமா பக்கத்து வாங்கில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உன்னை நான் ஒண்டும் கேக்கேல்லை மெல்ரோய்" என்று சாரங்கன் தொடங்கினார். "கோப்பு ஆரிட்டப் போனது எண்டு மிஸ்ஸுக்குத் தெரியும். நீ இனி வரத் தேவையில்லை, அவ்வளவுதான்."

மெல்ரோய் ஹமீமாவைப் பார்த்தான். அவள் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே கடற்கரை ரெயின் ஒன்று போனது.

பிறகு அவள் பையைத் திறந்து மூன்று தாள்களை எடுத்து மேசையில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள்.

"இது அவங்கட போஸ்டர். நான் வரியா எறக்கின. இது மெல்ரோய்ட மரம். இது நான் மொதல் அனுப்பினது. ரெயிலுக்கு அவசரமா போகக்குள்ள கேட்டீங்களே, அது."

சாரங்கன் குனிந்தார். அவள் விரல் வைத்துக் காட்டினாள். 'காண்க' என்ற குமிழ். பிறகு உடைந்த வரி. பிறகு மெல்ரோயின் தாளில் உடையாத வரி.

"மெல்ரோய்க்கு ரெண்டாவதுதான் போன. அதுல இந்தப் பிழ இல்ல. இந்தப் பிழ மொதலாவதுல மட்டும்தான் ஈக்கி."

சாரங்கன் அளவையியல் படிப்பிக்கிறவர். இரண்டு எடுகூற்றுகளைக் கொடுத்தால் மூன்றாவதாக முடிவு தானாக வந்துவிடும். அவர் முகத்தில் அது வந்ததை எல்லோரும் கண்டார்கள். ஆனால் அதைச் சொன்னது அவர் அல்ல.

"அக்கா" என்றாள் கதவடியிலிருந்து உஷாந்தி, "அந்த முதலாவது உங்கட கொம்பியூட்டரிலயும் இருக்குத்தானே?"

"ஓம். ஈக்கி" என்றாள் ஹமீமா. "என்ட கொம்பியூட்டர்லயும் சேர்ட மெயில்லயும் ஈக்கி. வேறெங்கயும் இல்ல."

மெல்ரோய் எழும்பினான். படியிறங்கிப் போனான். அவனுடைய போஸ்டர் அந்தக் கருத்தரங்கில் சுவரில் தொங்கியது. வேறு வகுப்புகளும் அவனை விடவில்லை. ஹமீமாவை 'போ' என்று யாரும் சொல்லவில்லை. கையேடுகளைத் தட்டச்சுச் செய்ய உஷாந்தியின் உறவுப் பெண் ஒருத்தி வரப்போவதாகச் செய்தி மட்டும் வந்தது. அந்தக் கோப்பை அனுப்பியது யார் என்பது கடைசிவரை வெளியே வரவில்லை. புதிய கையேட்டில் ஓரிடத்தில் வரிகள் தாயை மாற்றிக்கொண்டு நின்றன என்றும், பிள்ளைகள் அப்படியே பாடமாக்கினார்கள் என்றும் கேள்வி.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று பின்னேரம், உஷாந்தி உள்ளே போன பிறகு, சாரங்கன் மூன்று தாள்களையும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஹமீமா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"மிஸ்" என்றார் அவர். "நீங்கள் இதைக் காட்டாம விட்டிருக்கலாம். எனக்குத் தெரிய வந்திருக்காது. அவனை உங்களுக்குப் பிடிக்கிறதும் இல்லை. பிறகு ஏன் காட்டினீங்கள்?"

ஹமீமா தாள்களைச் சேர்த்து அடுக்கினாள். மெல்ரோயின் தாளையும் போஸ்டரை இறக்கிய தாளையும் மேசையில் விட்டாள். தன்னுடைய முதலாவது கோப்பின் தாளை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்தாள். "பஸ் போயிரும் சேர்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அதே கேள்வியை மெல்ரோயும் கேட்டான், பௌஸியும் கேட்டான். அவள் யாருக்கும் சொல்லவில்லை.